பைசா கோபுரம் ஏன் சாய்ந்தது, எப்படிக் காப்பாற்றினார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியில் உயரமான பழைய மணிக்கோபுரங்கள் பல சாய்ந்து நிற்கின்றன. அவற்றில் மிக விரிவாக ஆராயப்பட்டது பைசா. அதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். முன்னால் சொன்ன பதிலின் தொடர்ச்சியாகவே பின்னால் உள்ளவை வருவதால், வரிசையாகப் படித்தால் எளிதாகப் புரியும்.

பைசா கோபுரத்தை வேணும்னேதான் சாய்வா கட்டினாங்களா?

இல்லை. 1173-இல் வேலை தொடங்கியபோது, பக்கத்தில் இருக்கும் பேராலயத்துக்கு நேரான ஒரு மணிக்கோபுரம் கட்டுவதுதான் திட்டம். வேண்டுமென்றே சாய்த்திருந்தால் கொத்தனார்கள் நடுவில் அதை நிமிர்த்தப் பாடுபட்டிருக்க மாட்டார்கள். ஒரு பக்கக் கல்லை உயரமாகவும் எதிர்ப்பக்கக் கல்லைக் குட்டையாகவும் செதுக்கி, மேல் மாடங்களை மட்டத்துக்குக் கொண்டுவர அவர்கள் முயன்ற தடம் சுவரிலேயே இருக்கிறது. அதனால்தான் கோபுரம் ஒரே நேர்கோட்டில் சாயாமல், உற்றுப் பார்த்தால் லேசாக வளைந்து தெரிகிறது.

அப்போ எதனால சாய்ஞ்சுது? அஸ்திவாரம் சரியா போடலையா?

கோபுரத்தின் எடை ஏறக்குறைய 14,500 டன். உயரம் அஸ்திவாரத்திலிருந்து சுமார் 58 மீட்டர். இத்தனையும் உட்கார்ந்திருப்பது 19.6 மீட்டர் விட்டமுள்ள, சுமார் 3 மீட்டர் ஆழமே போன ஒரு வட்ட அஸ்திவாரத்தின் மேல். கணக்குப் போட்டால் ஒவ்வொரு சதுர மீட்டர் மண்ணும் சுமார் 50 டன் தாங்குகிறது. மெத்தென்ற மண்ணுக்கு இது மிகப் பெரிய சுமை.

கீழே இருக்கும் மண் ஆர்னோ ஆறும் கடலும் சேர்ந்து கொண்டுவந்து கொட்டியது. மேலே சுமார் 10 மீட்டருக்கு வண்டலும் மணலும் களியும் கலந்த அடுக்கு. அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை கடல் களிமண். அதன் மேற்பகுதி மிகவும் மென்மையானது, அமுக்கினால் சுருங்கக்கூடியது. பிறகுதான் கெட்டியான மணல் வருகிறது. கோபுரத்தின் பாரத்தில் இந்தக் களிமண்ணின் மேற்பரப்பு தட்டுப்போல் குழிந்து, கோபுரம் மொத்தமாகவே இரண்டரை முதல் மூன்று மீட்டர் வரை அமிழ்ந்திருக்கிறது. வாசல் தரைமட்டத்துக்குக் கீழே போய்விட்டதற்குக் காரணம் அதுதான். மேல் அடுக்கு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. தெற்கே வண்டலும் களியும் கூடுதல். எனவே அமிழ்ந்தபோது தெற்கு கொஞ்சம் அதிகமாக அமிழ்ந்தது.

களிமண்மேல எத்தனையோ கட்டடம் நேரா நிக்குதே, இது மட்டும் ஏன்?

உயரமும் ஒடுக்கமும் சேர்ந்ததுதான் வினை. பக்கத்துப் பேராலயமும் அதே மண்ணில்தான் இருக்கிறது. அகலமான கட்டடம் அமிழலாம், விரிசல் விடலாம், ஆனால் சுலபத்தில் கவிழாது. இலவம்பஞ்சு மெத்தைமேல் தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். ஐந்தாறு பெட்டி வரை நிற்கும். ஒரு கட்டத்துக்குமேல், எவ்வளவு நேராக வைத்தாலும் சாயத் தொடங்கும். மெத்தை கிழியவில்லை, பெட்டி நசுங்கவில்லை. அடி இளகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் நடப்பது இதுதான். கோபுரம் துளி சாய்ந்தால் அதன் எடை சாய்ந்த பக்கத்துக்கு நகர்கிறது. அந்தப் பக்கத்து மண் இன்னும் கொஞ்சம் அமுங்குகிறது. அதனால் சாய்வு கூடுகிறது, எடை மேலும் நகர்கிறது. மண் எதிர்த்துத் தள்ளும் வேகத்தைவிட எடை நகரும் வேகம் அதிகமாகும் உயரம் ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் கோபுரம் நிலைகொள்ளாது. மண்ணின் வலிமை போதாததால் வருவது ஒரு வகை விபத்து. மண்ணின் விறைப்பு போதாததால் வருவது வேறு வகை. பைசா இரண்டாவது வகை. அடிக்கு வலுவூட்டினால் போதும் என்று நினைத்த பழைய முயற்சி பலிக்காததற்கு இந்த வேறுபாடு முக்கிய காரணம்.

பைசா ஊரிலேயே சான் நிக்கோலா, சான் மிக்கேலே தேலி ஸ்கால்ஸி என்ற வேறு இரண்டு மணிக்கோபுரங்களும் சாய்ந்து நிற்கின்றன. ஒரே மண், ஒரே மாதிரி ஒடுக்கமான கட்டுமானம்.

சாயுதுன்னு தெரிஞ்சும் மேல மேல கட்டினாங்களா?

ஆமாம், ஆனால் தொடர்ச்சியாக அல்ல. 1178-இல் நான்காம் மாடத்தில் வேலை நின்றது. சுமார் 94 ஆண்டு கழித்து 1272-இல் ஜொவானி தி சிமோனே மேற்பார்வையில் மறுபடி தொடங்கியது. 1278-இல் ஏழாவது மாடத்தோடு திரும்பவும் நின்றது. உச்சியில் மணிகள் தொங்கும் அறை 1360-க்குப் பிறகுதான் கட்டப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், முதலில் கோபுரம் தெற்கே சாயவில்லை. மிகச் சிறிய அளவில் வடக்கே சாய்ந்தது. 1272-க்குப் பிறகு பாரம் ஏற ஏறத் திசை மாறித் தெற்கே திரும்பியது. 1278-இல் தெற்குச் சாய்வு சுமார் 0.6 டிகிரி, மணி அறை கட்டிய காலத்தில் 1.6 டிகிரி. மணி அறை கட்டியவர்கள் இந்தச் சாய்வை ஈடுகட்டத் தெற்குப் பக்கத்தை உயர்த்தினார்கள். இன்றும் ஏழாவது மாடத்தின் விளிம்பிலிருந்து மணி அறைத் தளத்துக்கு ஏற, வடக்கில் 4 படி, தெற்கில் 6 படி. அந்த இரண்டு படி வித்தியாசம்தான் அன்றைய கொத்தனார்கள் அளந்த சாய்வு.

கட்டி முடிக்க 200 வருஷம் ஆச்சாமே? அந்த இழுபறிதான் கோபுரத்தைக் கெடுத்துதா?

நேர்மாறு. அந்த இடைவெளிகள் இல்லையென்றால் கோபுரமே இருந்திருக்காது.

களிமண்ணுக்குள் நீர் இருக்கிறது. மேலே பாரம் ஏறும்போது முதலில் அந்த நீர்தான் அழுத்தத்தை வாங்கிக்கொள்கிறது. மண் துகள்கள் வாங்குவதில்லை. நீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறிய பிறகே துகள்கள் நெருங்கி, மண் இறுகி வலுவடைகிறது. மென்மையான களிமண்ணில் இதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். 1178-இல் நிறுத்தாமல் கட்டியிருந்தால் கோபுரத்தின் அடியில் மண் பிதுங்கி, அது அப்போதே கவிழ்ந்திருக்கும் என்று பிற்காலக் கணக்குகள் காட்டுகின்றன. 1278-க்கும் இதே கதைதான். இரண்டு முறையும் வேலை நின்றது மண்ணுக்காக அல்ல. ஆனாலும் மண் தன்னைத் தேற்றிக்கொள்ள அதுவே போதுமானதாக அமைந்தது.

சாய்வு 5.5 டிகிரின்னு ஒரு இடத்துல போட்டிருக்கு, 4 டிகிரின்னு இன்னொரு இடத்துல. எது சரி?

இரண்டு எண்களும் வெவ்வேறு பொருளைச் சொல்கின்றன. அஸ்திவாரம் 1990-இல் கிடைமட்டத்திலிருந்து சுமார் 5.5 டிகிரி சரிந்திருந்தது. ஆனால் முதல் பதிலில் சொன்னபடி மேல் மாடங்களை நிமிர்த்திக் கட்டியதால், கோபுரத்தின் உடல் முழுவதற்கும் சராசரி எடுத்தால் சாய்வு அதைவிடக் குறைவாக வரும். பிறகு நடந்த பணியில் அரை டிகிரி குறைந்தது. ஆகவே எண்ணைப் பார்க்கும்போது அஸ்திவாரமா, உடலா, எந்த ஆண்டு என்ற மூன்றையும் பார்க்க வேண்டும்.

600 வருஷமா நின்னுட்டுதானே இருந்துது? 1990-ல திடீர்னு ஏன் மூடினாங்க?

1989 மார்ச் 17 அன்று, வட இத்தாலியின் பவியா நகரில் பேராலயத்தை ஒட்டியிருந்த இடைக்கால நகரக் கோபுரம் இடிந்து விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். அது பைசா போல் சாய்ந்ததல்ல. பல நூற்றாண்டு பாரத்தில் சுவரே தளர்ந்து போய் விழுந்தது. உடனே பைசா கோபுரத்தின் சுவரைப் பற்றிய கவலை பெரிதானது. 1990 ஜனவரி 7-ஆம் தேதி அதைப் பொதுமக்களுக்கு மூடினார்கள். மண் பொறியியல் பேராசிரியர் மிக்கேலே யமியோல்கோவ்ஸ்கி தலைமையில் ஒரு நிபுணர் குழு அமைந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பர்லண்டும் அதில் ஓர் உறுப்பினர்.

கவலைக்குக் காரணம் இருந்தது. பைசா சுவர் முழுவதும் திடமான கல் அல்ல. உள்ளேயும் வெளியேயும் பளிங்குக் கல் முகம். நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புக் கலவையும் நிரப்பியது. அதற்குள்ளேயே படிக்கட்டும் சுற்றிச் செல்கிறது. சாய்வினால் தெற்குப் பக்கத்தில் முதல் மாடத்தின் உயரத்தில் அழுத்தம் மிக அதிகமாகக் குவிந்திருந்தது. அங்கே வெளிமுகக் கல் பிதுங்கி விட்டால் முன்னெச்சரிக்கையே இருக்காது. அதனால் குழு முதலில் செய்த வேலை மண்ணில் அல்ல. 1992-இல் அந்த உயரத்தில் சுவரைச் சுற்றி, பிளாஸ்டிக் உறை போட்ட எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டினார்கள். மண் வேலைக்கு நேரம் வாங்கிக் கொடுத்தது அந்தக் கட்டுதான்.

வருஷா வருஷம் நகர்ந்துக்கிட்டே இருந்துதா? அதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

1911 முதலே, கோணம் அளக்கும் கருவியான தியோடலைட் வைத்து ஒழுங்காக அளந்து வந்தார்கள். 1990 வாக்கில் உச்சி ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் தெற்கே போய்க்கொண்டிருந்தது. நூற்றாண்டின் தொடக்கத்தைவிட வேகம் கூடியிருந்தது. 1960-களின் பிற்பகுதியிலும் 70-களின் தொடக்கத்திலும் ஆழத்து மணல் அடுக்கிலிருந்து கிணறுகளில் நீரை அதிகமாக இறைத்தபோது சாய்வு இன்னும் வேகமெடுத்தது. அந்தக் கிணறுகளைக் கட்டுப்படுத்தியதும் வேகம் தணிந்தது.

பழைய அளவுகளை மறுபடி அலசியதில்தான் முக்கியமான விஷயம் வெளிவந்தது. அதுவரை எல்லோரும் நினைத்தது, இரண்டு பக்கமும் அமிழ்கிறது, தெற்கு கூடுதலாக அமிழ்கிறது என்று. உண்மையில் தெற்கு இறங்கும்போது வடக்கு விளிம்பு மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்தது. அதாவது கோபுரம் அப்போது மேலும் அமிழவில்லை, சுழன்று கொண்டிருந்தது. அந்தச் சுழற்சியின் மூலகாரணம் ஆழத்துக் களிமண்ணில் இல்லை, மேலே இருக்கும் 10 மீட்டர் அடுக்கில் இருந்தது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பெரும் மழை பெய்யும்போது வடக்குப் பக்கத்தில் நிலத்தடி நீர் ஏறி கோபுரத்தைத் தெற்கே துளி தள்ளும். மழை நின்றாலும் அந்தத் துளி முழுவதுமாகத் திரும்பி வராது. இப்படி, பின்னால் திரும்பாத பல்சக்கரம் போல, ஒவ்வொரு ஆண்டும் ஒரு பல் முன்னேறியது. என்னைப் பொறுத்தவரை இந்தக் கண்டுபிடிப்புதான் கோபுரத்தைக் காப்பாற்றியது. பிறகு செய்த எல்லாமே இதிலிருந்து கிளைத்தவை.

அதுக்கு முன்னாடி யாரும் சரிபண்ண முயற்சி பண்ணலையா?

செய்தார்கள், ஆனால் அடியில் கைவைத்த ஒவ்வொரு முறையும் கோபுரம் மேலும் சாய்ந்தது. 1838-இல் கட்டடக் கலைஞர் அலெஸாந்த்ரோ கெரார்தெஸ்கா, மண்ணில் புதைந்துபோன தூண் அடிகளை மக்கள் பார்க்கட்டும் என்று கோபுரத்தைச் சுற்றி வட்டமாகத் தோண்டி நடைபாதை அமைத்தார். தெற்கே அது நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனதால் நீர் பீறிட்டு வந்தது. அந்த ஒரு வேலையில் மட்டும் சாய்வு சுமார் அரை டிகிரி கூடியது.

1934-இல் அஸ்திவாரத்தில் 361 துளைகள் போட்டு சுமார் 80 டன் சிமென்ட் பால் ஏற்றினார்கள். அஸ்திவாரம் வலுவாகட்டும் என்பது எண்ணம். உச்சி தெற்கே திடீரென 10 மில்லிமீட்டர் நகர்ந்தது. இந்த இரண்டையும் படித்த பிறகு 1990-இல் குழுவுக்கு ஒன்று தெளிவாக இருந்தது: தெற்குப் பக்கத்து மண்ணில் எதையும் தோண்டவோ துளைக்கவோ கூடாது.

600 டன் ஈயத்தை ஏத்தி வச்சாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். வடக்கு எழும்புகிறது என்று தெரிந்துவிட்டதால், எழும்பும் பக்கத்தில் பாரம் வைத்து அழுத்தலாம் என்பது நேரடியான முடிவு. 1993-இல் அடிப்பகுதியைச் சுற்றி ஒரு கான்கிரீட் வளையம் போட்டு, வடக்குப் பக்கத்தில் ஈயக் கட்டிகளை ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். மொத்தம் 600 டன். பல நூற்றாண்டில் முதல்முறையாகக் கோபுரம் வடக்கே திரும்பியது. அளவு மிகக் குறைவு, ஆனால் திசை மாறியது.

பார்க்க அழகாக இல்லை என்பதால், ஈயத்துக்குப் பதிலாக நிலத்தில் ஆழமாக ஊன்றும் நங்கூரக் கம்பிகளைப் போட 1995-இல் முயன்றார்கள். அதற்காக, நீர் வராமல் தோண்ட, திரவ நைட்ரஜன் செலுத்தி நிலத்தை உறைய வைத்தார்கள். கோபுரம் தெற்கே நகரத் தொடங்கியது. அந்த செப்டம்பரில் ஓர் இரவில் மட்டும் ஒரு வருடத்தில் போக வேண்டிய தூரம் போனது. வேலையை உடனே நிறுத்தி, ஈயத்தை 900 டன்னாகக் கூட்டித்தான் பிடித்து நிறுத்தினார்கள்.

சாயற பக்கம் முட்டுக் கொடுக்காம, எதிர்ப்பக்கத்து மண்ணை எடுத்தாங்களாமே? புரியலையே.

தெற்கைத் தொடக்கூடாது என்றால் மீதி இருப்பது வடக்குதான். தெற்குப் பக்கத்தைத் தூக்க முடியாது. வடக்குப் பக்கத்தைக் கொஞ்சம் இறக்கலாம். வடக்கு விளிம்புக்குக் கீழிருந்து சிறு சிறு அளவில் மண்ணை எடுத்தால், அந்தப் பொந்து மேலுள்ள பாரத்தில் மெதுவாக மூடிக்கொள்ளும். மூடும்போது வடக்கு இறங்கும், கோபுரம் வடக்கே திரும்பும். மேலே சொன்ன மெத்தெனும் மண்ணின் குணமே இங்கே உதவிக்கு வருகிறது. கெட்டி மண்ணாக இருந்தால் பொந்து அப்படியே நின்றுவிடும்.

துளைக்கும் கருவி சாய்வாக வடக்கிலிருந்து உள்ளே போகும். ஒரு உறைக்குழாய், அதற்குள் எதிர்த்திசையில் சுழலும் திருகு. குழாய் மண்ணைத் தாங்கிப் பிடித்திருக்க, திருகு நுனியில் இருக்கும் மண்ணை மட்டும் சுற்றுப்புறத்தைக் கலைக்காமல் வெளியே கொண்டுவரும். பிறகு குழாயைக் கொஞ்சம் பின்னிழுத்தால் நுனியில் ஒரு சிறு பொந்து மிஞ்சும். இதைப் பேராலயத் திடலிலேயே, கோபுரத்திலிருந்து தள்ளி, ஒரு பக்கமாகப் பாரம் ஏற்றிய 7 மீட்டர் கான்கிரீட் அடித்தளத்தில் முதலில் சோதித்தார்கள். அது அவர்கள் நினைத்தபடி திரும்பியது. அப்புறம்தான் கோபுரத்துக்கே கொண்டுவந்தார்கள்.

மண்ணை எடுக்கும்போது மொத்தமா விழுந்திருந்தா?

அந்தப் பயம் குழுவுக்கும் இருந்தது. கணினி மாதிரிகளிலும் சிறு அளவு மாதிரிகளிலும் ஓர் எல்லை தெரிந்தது. வடக்கு விளிம்பிலிருந்து உள்நோக்கி, ஆரத்தில் ஏறத்தாழ பாதி தூரம் வரை மண்ணை எடுத்தால் கோபுரம் வடக்கே வரும். அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே எடுத்தால் தெற்கே போகும். ஆகவே திருகின் நுனி எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருந்தது. அவர்கள் எல்லைக்கு வெகு முன்பாகவே நின்றுகொண்டார்கள்.

இன்னொரு காவலும் இருந்தது. மூன்றாவது மாடத்தில் எஃகு வடங்களைக் கட்டி, வடக்கே சுமார் 100 மீட்டருக்கு அப்பால் நிறுத்திய சட்டங்களோடு இணைத்திருந்தார்கள். அவை இழுத்து நிமிர்த்துவதற்கு அல்ல, ஏதாவது தவறினால் பிடித்துக்கொள்ள. மிக முக்கியமானது அன்றாடக் கண்காணிப்பு. கோபுரம் வெயில் பட்டாலே கொஞ்சம் அசையும், எனவே வெயிலின் அசைவு எது, மண் எடுத்ததன் அசைவு எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அளவுகள் பேக்ஸில் லண்டனில் இருந்த பர்லண்டுக்குப் போகும். எந்தத் துளையில் எவ்வளவு எடுப்பது என்று அவர் திருப்பி எழுதிய பிறகே அடுத்த வேலை நடக்கும்.

கடைசியில எவ்வளவு மண் எடுத்தாங்க, எவ்வளவு நிமிர்ந்துது?

1999 பிப்ரவரியில் 12 துளைகளோடு சோதனை ஓட்டம். சில மாதங்களில் தெளிவான வடக்கு நகர்வு கிடைத்தது. 2000-இல் 41 துளைகளோடு முழுப் பணி தொடங்கி 2001 தொடக்கம் வரை நடந்தது. மொத்தம் எடுத்த மண் 38 கன மீட்டர் அளவுதான். சில லாரி லோடு. 14,500 டன் கோபுரம் அரை டிகிரி திரும்பியது. உச்சி சுமார் 45 சென்டிமீட்டர் வடக்கே வந்தது. 1838-க்கு முந்தைய நிலைக்கு ஏறக்குறைய கொண்டுபோய் விட்டார்கள். ஈயக் கட்டிகள் எல்லாம் இறக்கப்பட்டு, 2001 டிசம்பர் 15 அன்று கோபுரம் மீண்டும் திறந்தது.

அவ்வளவு முடியும்னா முழுசா நிமிர்த்தியிருக்கலாமே?

அரை டிகிரி போதும் என்பது கணக்கு. அந்த அளவில் தெற்குச் சுவரின் அழுத்தமும் தணிகிறது, மண்ணின் நிலைத்தன்மையும் கூடுகிறது. அதற்குமேல் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஆபத்தைத்தான் கூட்டும். தவிர, முன்னால் சொன்ன வளைவை நினைத்துப் பாருங்கள். கொத்தனார்கள் நிமிர்த்திக் கட்டிய மேல் மாடங்கள் சாய்ந்த அடித்தளத்துக்கு ஏற்றபடி செதுக்கியவை. அடியை நேராக்கினால் உச்சி வடக்கே வளைந்து நிற்கும். முழு நேரான பைசா கோபுரம் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

மழைத் தண்ணி பிரச்னையை என்ன பண்ணாங்க?

வடக்குப் பக்கத்தில் கிணறுகள் அமைத்து, அங்கிருந்து வடிகுழாய்களைப் போட்டார்கள். மழையில் நீர்மட்டம் ஏறாமல் அவை ஒரே நிலையில் வைக்கின்றன. 1838-இல் தோண்டிய வட்ட நடைபாதையின் கான்கிரீட் தளத்தையும் அஸ்திவாரத்தோடு எஃகினால் இணைத்தார்கள். அதனால் கோபுரத்தின் அடி கொஞ்சம் அகலமானது போல் ஆகிவிட்டது. 2008-இல் தெற்கு நகர்வு நின்றுவிட்டதாக அறிவித்தார்கள். அதன் பிறகும் அது வடக்கே துளித்துளியாக வந்திருக்கிறது.

இந்த யோசனை பர்லண்டோடதா?

பைசாவுக்கு மண் எடுக்கும் வழியை 1962-லேயே முன்மொழிந்தவர் பெர்னாந்தோ தெராசினா என்ற இத்தாலியப் பொறியாளர். அப்போது யாரும் கையில் எடுக்கவில்லை. மெக்சிகோ நகரப் பேராலயத்தில் 1990-களில் இதே முறையைப் பெரிய அளவில் பயன்படுத்தினார்கள்.

அதற்கும் முன்னால் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் உள்ள விபன்பரி கிராமத் தேவாலயக் கோபுரம் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது அது. 1832-இல் ஜேம்ஸ் ட்ரப்ஷா என்பவர், சாயாத பக்கத்து அடியிலிருந்து மண்ணை எடுத்து அதை நிமிர்த்தினார். கணினியும் இல்லை, நுண்ணிய அளவைக் கருவிகளும் இல்லை. பைசா குழு செய்த பெரிய வேலை யோசனை அல்ல. எங்கே நிறுத்த வேண்டும் என்ற எல்லையைக் கண்டறிந்ததும், நாள்தோறும் அளந்து கட்டுக்குள் வைத்ததும்தான்.

இவ்வளவு பலவீனமான மண்ணுல நிலநடுக்கம் வந்தா என்ன ஆகியிருக்கும்?

1280 முதல் குறைந்தது நான்கு பலமான நிலநடுக்கங்களைக் கோபுரம் தாண்டி வந்திருக்கிறது. கட்டடம் உயரமானது, விறைப்பானது, மண் இளகியது. இந்தச் சேர்க்கையில் கோபுரம் மெதுவாகவே ஆடும். நிலநடுக்கத்தின் அதிர்வு அதைவிட வேகமானது. இரண்டும் ஒத்திசையாததால் அசைவு பெருகுவதில்லை. சாய்த்த மண்ணே இதில் காப்பாகவும் அமைந்தது என்று 2018-இல் ஓர் ஆய்வுக் குழு விளக்கியது.

உலகத்துலயே அதிகமா சாய்ஞ்ச கோபுரம் பைசாதானே?

பெயர்பெற்றது பைசா, ஆனால் அதைவிட அதிகமாகச் சாய்ந்தவை உண்டு. வட ஜெர்மனியின் சூர்ஹூசன் கிராமத் தேவாலயக் கோபுரத்தின் சாய்வு 5.19 டிகிரி. 2007-இல் அதைக் கின்னஸ் சாதனையாகப் பதிவு செய்தார்கள். அங்கே காரணம் வேறு. சதுப்பு நிலத்தில் ஓக் மரக் கட்டைகள்மேல் கட்டிய கோபுரம் அது. நீருக்குள் இருக்கும்வரை மரம் அழுகாது. 19-ஆம் நூற்றாண்டில் சதுப்பை வடித்ததும் காற்று பட்டு மரம் மக்கியது, கோபுரம் சாய்ந்தது. பைசாவில் நீர் ஏறியது தொல்லை, சூர்ஹூசனில் நீர் இறங்கியது தொல்லை. எனவே சாய்ந்த கோபுரம் எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது, அதன் அடியில் நீர் என்ன செய்கிறது என்பதுதான்.

போலோனாவுல இருக்கிற கரிசெண்டாவும் ஆபத்துல இருக்காமே. அதையும் இதே மாதிரி மண் எடுத்துச் சரிபண்ணிடலாமா?

அப்படியே நகலெடுக்க முடியாது. கரிசெண்டா மணிக்கோபுரமல்ல, 12-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் போலோனா நகரில் ஒரு செல்வக் குடும்பம் எழுப்பிய கோபுரம். சாய்வு கூடியதால் 14-ஆம் நூற்றாண்டிலேயே அதன் உச்சியை இடித்துக் குறைத்தார்கள். இப்போது உயரம் சுமார் 48 மீட்டர், சாய்வு சுமார் 4 டிகிரி. 2023 அக்டோபரில் அதைச் சுற்றியுள்ள பகுதியை மூடினார்கள்.

பைசாவில் சுவர் ஓரளவு தாங்கியது, மண்தான் பிரச்னை. கரிசெண்டாவில் அடிப்பகுதி செலினைட் என்ற ஜிப்சம் வகைக் கல்லால் ஆனது. அந்தக் கல் ஈரத்திலும் காலத்திலும் சிதைந்து வருகிறது. அடிச்சுவரே நொறுங்கும் நிலையில், கீழே மண்ணை எடுத்துக் கோபுரத்தை அசைத்தால் அந்த அசைவைச் சுவர் தாங்காமல் போகலாம். அதனால் முதலில் கோபுரத்தைப் பிடித்து நிறுத்துவது, அப்புறம் அடிச்சுவரை வலுப்படுத்துவது என்ற வரிசையில் திட்டமிடுகிறார்கள். பிடித்து நிறுத்துவதற்கு, பைசாவில் வடங்களைத் தாங்கிய அதே எஃகுச் சட்டங்களைப் பயன்படுத்தும் ஏற்பாடு நடக்கிறது.